அம்மாவின் ஆபரேஷன் கிளெய்ம் எங்கே நிற்கிறது?

கேள்வி: 2025 மே மாதம் அம்மாவுக்கு (58 வயது) பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. அந்த ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் இல்லாததால் நாங்களே ரூ.1,24,000 கட்டினோம். முன்பணம் 50,000, டிஸ்சார்ஜ் அன்று 74,000. ஜூன் முதல் வாரம் எல்லா பேப்பரையும் கூரியரில் அனுப்பிவிட்டேன். ஆகஸ்ட் வந்துவிட்டது. ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் ஒவ்வொரு பதில். ஒருவர் ரசீது இல்லை என்கிறார், ஒருவர் ஐ.சி.பி. வேண்டும் என்கிறார், இன்னொருவர் செக் சரியில்லை என்கிறார். பாலிசி 2021 மார்ச்சில் என் பெயரில், அம்மாவையும் சேர்த்து எடுத்தது. ஒரு பயம் வேறு: அம்மாவுக்கு பி.பி. 5 வருடமாக இருப்பதாக டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் 3 வருடம்தான். பணம் வருமா? யாரிடம், எப்படிக் கேட்பது?

— ஒரு வாசகி, கரூர்

பதில்: முதலில் போன் செய்வதை நிறுத்திவிட்டு மின்னஞ்சலுக்கு வாருங்கள். கால் சென்டரில் பேசுபவர் உங்கள் ஃபைலைப் பார்ப்பதில்லை. திரையில் கடைசியாக யாரோ பதிந்த ஒரு வரியைப் படித்துச் சொல்கிறார். அந்த வரி வாரத்துக்கு வாரம் மாறும். உங்களுக்கு வந்த மூன்று பதில்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல, மூன்றுமே நிலுவையில் இருக்கின்றன என்றுதான் எனக்குப் படுகிறது. ஒவ்வொருவரும் ஒன்றை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மொத்தப் பட்டியலை எழுத்தில் வாங்குவதுதான் உங்கள் முதல் வேலை.

அதற்கு முன்னால், பேப்பர் உள்ளே போனதும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கேள்வியைச் சரியாகக் கேட்கலாம். நிறைய நிறுவனங்களில் கிளெய்மை முதலில் கையாள்வது டி.பி.ஏ. என்ற இடைநிலை நிறுவனம். சில காப்பீட்டு நிறுவனங்கள் தாங்களே ஒரு பிரிவு வைத்துப் பார்க்கின்றன. எப்படி இருந்தாலும் கவர் வந்ததும் இன்வர்டில் பதிந்து, ஸ்கேன் செய்து, உங்கள் கிளெய்ம் எண்ணோடு சேர்ப்பார்கள். அடுத்து, இருக்க வேண்டிய தாள்கள் இருக்கின்றனவா என்று ஒருவர் சரிபார்ப்பார். குறை இருந்தால் அங்கேயே 'கொயரி' எழுப்பப்படும். குறை தீர்ந்த பிறகுதான் மருத்துவர் ஒருவர் படித்துப் பார்ப்பார். நோய் என்ன, சேர்க்கை அவசியமா, பாலிசி எடுத்த பிறகு சில நோய்களுக்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா, முன்பே இருந்த நோயா என்பதெல்லாம் அவர் பார்வை. அதன் பிறகு பில் பிரிவு, எது தரலாம் எது கழிக்கலாம் என்று கணக்குப் போடும். டி.பி.ஏ. என்றால் அந்தப் பரிந்துரை காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலுக்குப் போகும். கடைசியில் வங்கிப் பரிமாற்றம், யு.டி.ஆர். எண், செட்டில்மென்ட் கடிதம். சந்தேகம் வந்தால் இடையில் விசாரணை அதிகாரி ஒருவரை ஆஸ்பத்திரிக்கோ வீட்டுக்கோ அனுப்புவதும் உண்டு.

உங்கள் கிளெய்ம் இன்னும் ஆவணச் சரிபார்ப்பைத் தாண்டவில்லை. மூன்று பதில்களும் அதையே காட்டுகின்றன. வலைத்தளத்தில் பொதுவாக 'நிலுவை' என்று தெரிவதற்கும், 'நிறுவன ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது' என்று தெரிவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவதில் அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கலாம், உங்களுக்கு அது தெரியாமலே இருக்கலாம்.

தெரியாமல் போவதற்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம் இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட் தன்னுடைய மின்னஞ்சலையோ மொபைல் எண்ணையோ விண்ணப்பத்தில் போட்டிருப்பார். கொயரி கடிதம் ஒவ்வொன்றும் அவருக்குப் போய் அங்கேயே கிடக்கும். இப்படி நின்றுபோன ஃபைல்களை நான் கிளெய்ம் பிரிவில் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பாலிசி அட்டவணையின் முதல் பக்கத்தில் யாருடைய எண், யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் மாற்றச் சொல்லி எழுதுங்கள். ஏஜென்ட்டிடமும் பழைய கடிதங்களைக் கேளுங்கள்.

அப்புறம் இந்தக் கடிதத்தை அனுப்புங்கள். டி.பி.ஏ. இருந்தால் அவர்களுக்கு எழுதி, காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவுக்கும் நகல் போடுங்கள். இந்த நகல் முக்கியம். டி.பி.ஏ. சேவை செய்பவர் மட்டும்தான், கிளெய்மைத் தர வேண்டிய பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துடையது.

> பொருள்: பாலிசி எண் ….., கிளெய்ம் எண் ….. – நிலுவை ஆவணங்களின் முழுப் பட்டியல் வேண்டி
>
> மேற்படி கிளெய்ம் ஆவணங்கள் ஜூன் … அன்று கூரியர் எண் ….. மூலம் அனுப்பப்பட்டு, ஜூன் … அன்று உங்கள் அலுவலகத்தில் பெறப்பட்டுள்ளன. அனுப்பியவை: கிளெய்ம் படிவம் பகுதி அ, பகுதி ஆ, டிஸ்சார்ஜ் சம்மரி, பிரிவுவாரியான இறுதி பில், ரூ.74,000 ரசீது, மருந்து பில்களும் மருந்துச் சீட்டுகளும், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் பில்களும், ரத்து செய்த காசோலை, அடையாளச் சான்றுகள்.
>
> தொலைபேசியில் வெவ்வேறு ஆவணங்கள் கேட்கப்படுகின்றன. எனவே தயவுசெய்து தெரிவிக்கவும்: (1) கிளெய்ம் தற்போது எந்த நிலையில் உள்ளது, (2) இன்னும் தேவைப்படும் ஆவணங்கள் அனைத்தும் ஒரே பட்டியலாக, (3) இதுவரை அனுப்பப்பட்ட கொயரி கடிதங்களின் நகலும் தேதியும், (4) விசாரணைக்கு அனுப்பப்பட்டிருந்தால் அந்தத் தேதி.

அனுப்பியவற்றின் பட்டியலை உங்கள் கையில் உள்ள நகல்களை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பாத எதையும் அதில் எழுத வேண்டாம். இந்தப் பட்டியல்தான் கடிதத்தின் முதுகெலும்பு. 'என் கிளெய்ம் என்ன ஆச்சு?' என்று எழுதினால் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரு வரிப் பதில் வரும். அனுப்பியதை வரிசையாக எழுதி மீதி என்ன என்று கேட்டால், யாராவது ஒருவர் ஃபைலைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

பதில் வரும்வரை காத்திருக்காமல், அந்த மூன்றையும் தயார் செய்யத் தொடங்கலாம்.

ரசீது விஷயம் எளிது. இறுதி பில் 1,24,000. நீங்கள் அனுப்பியது 74,000 ரசீது மட்டும் என்றால் மீதி 50,000 கட்டியதற்கு ஆதாரம் இல்லை. பில்லில் 'முன்பணம் கழிக்கப்பட்டது' என்று அச்சாகியிருந்தாலும் தனி ரசீது கேட்பார்கள். முன்பண ரசீது தொலைந்திருந்தால் ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுன்டரில் நகல் வாங்கி, 'டூப்ளிகேட்' என்று எழுதி முத்திரையும் கையெழுத்தும் போடச் சொல்லுங்கள். யு.பி.ஐ.யிலோ கார்டிலோ கட்டியிருந்தால் வங்கிப் பட்டியலில் அந்த வரியையும் சேர்த்து வையுங்கள்.

செக் விஷயத்தில் நீங்கள் யாருடைய காசோலையை வைத்தீர்கள் என்று எழுதவில்லை. சிகிச்சை அம்மாவுக்கு என்பதால் அம்மாவின் கணக்குக் காசோலையை வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாலிசி உங்கள் பெயரில் இருப்பதால் பணம் உங்கள் கணக்குக்குத்தான் வரும். உங்கள் பெயர் அச்சான, ரத்து செய்த காசோலை வேண்டும். பெயர் அச்சாகாத காசோலை என்றால் பாஸ்புக் முதல் பக்கமோ வங்கி கணக்குப் பட்டியலோ கூடவே வையுங்கள். பாலிசியில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருந்தால்கூட நிறுத்தி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளெய்ம் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் உங்கள் பான் கார்டும் முகவரிச் சான்றும் கேட்பார்கள், அதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. ஐ.சி.பி. என்பது உள்நோயாளி கேஸ் ஷீட்: சேர்க்கையின்போது டாக்டர் எழுதிய குறிப்பு, தினசரி நர்ஸ் சார்ட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்து குறிப்பு எல்லாம் சேர்ந்த கட்டு. எல்லாக் கிளெய்முக்கும் இதைக் கேட்பதில்லை. உங்களிடம் கேட்டதற்குக் காரணம், நீங்கள் பயந்த அதே வரியாகத்தான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 2025 மே மாதம் '5 வருடமாக பி.பி.' என்றால் 2020 மே. உங்கள் பாலிசி 2021 மார்ச். அப்படியானால் பாலிசி எடுக்கும் முன்பே பி.பி. இருந்தது, விண்ணப்பத்தில் சொல்லவில்லை என்று மருத்துவப் பரிசீலகர் நினைப்பார். நீங்கள் சொல்வதுபோல் 3 வருடம் என்றால் 2022, பாலிசிக்குப் பிறகு. அந்த ஒரு எண் எங்கிருந்து வந்தது, வேறு எங்காவது வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று பார்க்கத்தான் கேஸ் ஷீட்.

இதில் உங்களுக்குச் சாதகமான விஷயங்களும் இருக்கின்றன. பித்தப்பைக் கல்லுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பு உண்டு, அது உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு இப்போதைய விதிப்படி அதிகபட்சம் 36 மாதம். பழைய பாலிசிகளில் 48 மாதம் வரை இருந்தது. 2021 மார்ச்சில் இருந்து இடைவெளி இல்லாமல் புதுப்பித்திருந்தால் 48 மாதமும் 2025 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. பித்தப்பைக் கல்லுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பும் இல்லை. மிச்சம் இருப்பது 'சொல்லாமல் மறைத்தீர்கள்' என்ற குற்றச்சாட்டு மட்டும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி நிரூபணமானால் ஒழிய அந்தக் காரணத்தை எழுப்ப முடியாது. உங்களுக்கு 50 மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் கேள்வி வரும், பதில் ஆதாரத்தோடு இருக்க வேண்டும்.

ஆதாரம் என்றால் பி.பி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட சீட்டு. எந்த டாக்டர், எந்த வருடம், எந்த மாத்திரை என்று அம்மாவிடம் கேட்டு அந்தப் பழைய சீட்டைத் தேடுங்கள். அதோடு ஆபரேஷன் செய்த டாக்டரைப் பார்த்து, அந்த 5 வருடம் யார் சொல்லி எழுதப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்க்கையின்போது கூட வந்த உறவினர் 'நாலஞ்சு வருஷமா மாத்திரை சாப்பிடுறாங்க' என்று சொல்லியிருப்பார். ட்யூட்டி டாக்டர் அதை அப்படியே எழுதியிருப்பார். பழைய சீட்டைப் பார்த்து அது தவறு என்று டாக்டருக்குத் தெரிந்தால், லெட்டர்ஹெட்டில் விளக்கக் கடிதம் தருவார். 'முன்பு எழுதியது உறவினர் கூறியதன் அடிப்படையில்; 2022ஆம் ஆண்டுச் சீட்டின்படி நோய் கண்டறியப்பட்டது அப்போதே' என்று காரணமும் இருக்க வேண்டும். வெறும் '5 அல்ல 3' என்று எழுதினால் யாரும் ஏற்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையே மாற்றி அச்சடித்து வாங்கி வராதீர்கள். பழையது ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. இரண்டு சம்மரி ஒரே ஃபைலில் இருந்தால் நேர்மையான கிளெய்மும் மோசடி போலத் தெரியும். ஒருவேளை தேடிப் பார்த்ததில் 2020 சீட்டே கிடைத்தால் அதையும் மறைக்க வேண்டாம். காத்திருப்புக் காலம் முடிந்தது, சிகிச்சைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற வாதத்தை எழுத்தில் வையுங்கள்.

கேஸ் ஷீட்டை ஆஸ்பத்திரி தர மறுக்கலாம், 'இன்சூரன்ஸ்காரர்களே கேட்கட்டும்' என்பார்கள். நோயாளியோ அவர் சார்பாக வருபவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளின் நகலைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இருக்கிறது. அம்மா கையெழுத்திட்ட கடிதத்தை மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நகல் எடுக்கும் செலவு கேட்பார்கள். அப்படியும் தராவிட்டால், முத்திரையிட்ட அந்தக் கடிதத்தை டி.பி.ஏ.வுக்கு அனுப்பி நேரடியாகப் பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆவணங்களை ஆஸ்பத்திரிகளிடமிருந்து நிறுவனமும் டி.பி.ஏ.வுமே பெற வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்களே வாங்கிக் கொடுத்தால் வேகமாக முடியும், ஒரு பக்கம் புரட்டிப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கும்.

விசாரணை அதிகாரி வந்தால் பெயர், அடையாள அட்டை, வந்த தேதி குறித்துக்கொள்ளுங்கள். கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள். அவர் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்காமல் அம்மா கையெழுத்துப் போட வேண்டாம், வெற்றுத் தாளில் போடவே கூடாது. எழுதியதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எல்லாவற்றையும் அனுப்பிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாளே ஒரு சின்ன மின்னஞ்சல்: 'நீங்கள் கேட்ட கடைசி ஆவணம் இந்தத் தேதியில் உங்களுக்குக் கிடைத்தது. இனி எந்த ஆவணமும் நிலுவையில் இல்லை என உறுதி செய்யவும்.' இந்தத் தேதிக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் தாமதக் கணக்கைத் தங்களுக்குக் கடைசி ஆவணம் கிடைத்த நாளில் இருந்துதான் எண்ணுவார்கள். எத்தனை நாள் என்பது உங்கள் பாலிசிப் புத்தகத்தில் கிளெய்ம் தீர்வு என்ற தலைப்பில் இருக்கும். பழைய அச்சுகளில் 30 நாள், 2024க்குப் பிந்தைய விதிகளில் 15 நாள். அதைத் தாண்டினால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். தாமதமானால் அந்த வரியை மேற்கோள் காட்டி வட்டியையும் கேளுங்கள். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு தாள் கேட்டால், முன்பு வாங்கிய பட்டியலைக் காட்டி 'இது அதில் இல்லையே' என்று கேட்கவும் முடியும்.

நாள் கடந்தும் பதில் இல்லையென்றால், அல்லது மறுத்துவிட்டால், அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பெயரும் மின்னஞ்சலும் பாலிசிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும். மறுப்பு என்றால் எந்த விதியின்படி என்று எழுத்தில் காரணம் தர வேண்டும், நிறுவனத்தின் கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் மறுக்கவும் கூடாது. 'மறுஆய்வுக் குழு பார்த்ததா?' என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்குள் முடிவு வராவிட்டால் bimabharosa.irdai.gov.in தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் பதியலாம். அங்கே பதிந்தால் புகார் நிறுவனத்துக்கே திரும்பிப் போகும், ஆனால் இந்த முறை கண்காணிப்போடு போகும். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு உண்டு. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில். நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லையென்றால் அல்லது மறுத்தால், ஒரு வருடத்துக்குள் அங்கே போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ரூ.50 லட்சம் வரையிலான வழக்குகளை அவர் பார்ப்பார். நீங்கள் இப்போது சேர்க்கும் மின்னஞ்சல்களும் முத்திரைக் கடிதங்களும் அங்கே அப்படியே ஆதாரமாகும்.

பணம் வருமா என்று கேட்டிருந்தீர்கள். பி.பி. வரிக்கு ஆதாரம் கிடைத்துவிட்டால் மறுக்க நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் 1,24,000 முழுதாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கையுறை, பதிவுக் கட்டணம், உடன் இருந்தவர் சாப்பாடு போன்றவை கழியும். உங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு இருந்து, நீங்கள் அதைவிட அதிக வாடகை அறையில் இருந்திருந்தால் அதே விகிதத்தில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவையும் குறையும். உதாரணமாக 4,000 வரம்புக்கு 5,000 ரூபாய் அறை என்றால் அந்த இனங்களில் ஐந்தில் நான்கு பங்குதான் கிடைக்கும். மருந்துக்கும் பரிசோதனைக்கும் அந்த விகிதக் கழிவு பொருந்தாது. செட்டில்மென்ட் கடிதம் வந்ததும் கழிவுப் பட்டியலில் இந்த இரண்டையும் சரிபாருங்கள். மருந்து பில்லிலும் விகிதம் போட்டுக் கழித்திருந்தால், அல்லது 'ரசீது இல்லை' என்று 50,000 கழிந்திருந்தால், அதே கிளெய்ம் எண்ணைப் போட்டு மறுபரிசீலனை கேட்டு எழுதுங்கள்.